அகலமான குடும்பப் படம்: தையல் எங்கே விழ வேண்டும்?

அன்று படத்துக்கு நின்றது 38 பேர். போனில் மூன்று ஃப்ரேமாக எடுத்து, கணினியில் ஒன்றோடொன்று ஒட்டி, அதாவது தைத்து முடித்த படத்தில் எண்ணிப் பார்த்தால் 39 பேர். கூடுதலாக வந்தவன் யார் என்று தேடினேன். அண்ணன் மகன்தான். இடது ஓரத்தில் நின்றவன், நான் போனைத் திருப்புவதற்குள் பின்பக்கமாக ஓடிப்போய் வலது ஓரத்திலும் நின்றிருக்கிறான். அதை எல்லோரும் சிரித்து ரசித்தார்கள். ஆனால் கடைசி வரிசையில் நின்ற பெரியப்பாவுக்கு மூக்குக்கு நேராக ஒரு வெட்டு விழுந்து, முகத்தின் வலப்பாதி இரண்டு விரல் அகலம் தள்ளி உட்கார்ந்திருந்தது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இந்த இரண்டு தவறுகளுக்கும் காரணம் வேறு வேறு. எந்த முறையில் எடுக்கலாம் என்று தேர்ந்தெடுப்பதற்கு முன் இதைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குப் போட்டுவிட்டு, சரியாகவில்லையே என்று உட்கார்ந்திருப்போம்.

பெரியப்பாவின் முகத்தை வெட்டியது பாரலாக்ஸ். பள்ளி இயற்பியலில் இடமாறு தோற்றப் பிழை என்று படித்தோமே, அதுதான். இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவில் லென்ஸ் இருந்த இடம் மாறிவிட்டால், முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையிலான கோடு மாறிவிடும். முதல் படத்தில் அத்தையின் தோளுக்கு நேர்மேலே தெரிந்த முகம், இரண்டாவது படத்தில் கொஞ்சம் பக்கவாட்டில் தெரியும். அத்தையைப் பொருத்தினால் பெரியப்பா பொருந்தமாட்டார், பெரியப்பாவைப் பொருத்தினால் அத்தை பொருந்தமாட்டார். யாரும் அசையாமல் சிலைபோல நின்றாலும் இது நடக்கும்.

பையனை இரட்டித்தது அசைவு. லென்ஸ் துல்லியமாக ஒரே இடத்தில் நின்று சுழன்றாலும் அது நடந்தே தீரும். ஆள் முழுக்க ஓடினால் இரண்டு ஆள், கை மட்டும் அசைந்தால் மூன்று கை, தலையைத் திருப்பினால் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் ஒரு முகம். இந்த ஊடுருவும் முகத்தைத்தான் கோஸ்டிங் என்கிறார்கள். இரண்டு ஃப்ரேமையும் மென்பொருள் பாதிப் பாதியாகக் கலக்கும்போது அது வரும். கலக்காமல் ஏதாவது ஒரு ஃப்ரேமை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கோட்டில் வெட்டினால், அதே பிழை பாதி முகமாக வெளிவரும். உள்ளே இருக்கும் பிழை ஒன்றுதான், கலக்கும் முறையைப் பொறுத்து அதன் தோற்றம் மாறுகிறது.

எது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. தையல் போகும் பாதையில் அசையாத பொருள்களைப் பாருங்கள்: சுவர் ஓரம், ஜன்னல் கம்பி, தரை ஓட்டின் கோடு. அவையும் முறிந்திருந்தால் பாரலாக்ஸ். அவை நேராக ஓடி, ஆள் மட்டும் கெட்டிருந்தால் அசைவு. என் படத்தில் தரைக்கோடுகள் எல்லாம் படிக்கட்டுபோல முறிந்திருந்தன. பையன் ஓடியது தனிக் கதை, ஆனால் அடிப்படைத் தவறு என் கையில் இருந்தது.

எவ்வளவு தவறு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். நாங்கள் நின்ற அறையில் முன்வரிசை என்னிடமிருந்து 5 மீட்டர், மூன்றாவது வரிசை 6.6 மீட்டர், அதை ஒட்டினாற்போல 7 மீட்டரில் சுவர். ஒரு ஃப்ரேமிலிருந்து அடுத்ததற்குச் சுமார் 27 டிகிரி திரும்பினேன். போனைக் கை நீட்டிப் பிடித்திருந்தேன். அதாவது, நான் சுழன்ற அச்சு என் முதுகெலும்பு, லென்ஸ் அதிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. 27 டிகிரி திரும்பும்போது அந்த லென்ஸ் பக்கவாட்டில் கிட்டத்தட்ட 19 செ.மீ நகர்ந்துவிடுகிறது. முன்வரிசையைப் பொருத்தினால் பின்வரிசையில் வரும் பிழை இவ்வளவு:

```
பிழை = லென்ஸ் நகர்வு × (பின் தூரம் − முன் தூரம்) ÷ முன் தூரம்
     = 19 × (6.6 − 5) ÷ 5
     ≈ 6 செ.மீ
```

ஒரு முகத்தின் அகலம் 15 செ.மீ என்று வைத்துக்கொண்டால், அதில் 6 செ.மீ போய்விட்டது. படத்தை 90 செ.மீ அகலத்துக்கு அச்சுப் போட்டால் பெரியப்பாவின் மூக்கில் 5 மில்லிமீட்டர் வெட்டு. எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டு, அறையின் மறுகோடியில் உட்கார்ந்து பார்த்தாலும் தெரியும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையாகப் பார்க்கலாம்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தைக்கத்தான் வேண்டுமா? ஒரே ஷாட்டில் அடங்கினால் பாரலாக்ஸ் இல்லை, இரட்டை ஆள் இல்லை, பத்துப் பதினைந்து முறை தட்டிவிட்டு எல்லோரும் கண் திறந்திருப்பதை எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான போனின் முக்கிய லென்ஸைப் படுக்கையாகப் பிடித்தால் 5 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 6.7 மீட்டர் அகலம் அடங்கும். எங்கள் வரிசை 7.5 மீட்டர். என் முதுகுக்குப் பின்னால் சுவர். இன்னும் ஒரு மீட்டர் பின்னால் போக முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது. உங்களால் போக முடியும் என்றால் போங்கள், கதவைத் திறந்து வெளியில் நின்றாவது எடுங்கள். தைப்பதில் இருக்கும் சுகத்துக்காகத் தைக்க வேண்டாம்.

போனில் இருக்கும் அல்ட்ராவைட் லென்ஸ் இந்த இடத்தில் ஆசை காட்டும். அடங்குவது என்னவோ அடங்கும். ஆனால் ஓரத்தில் நிற்பவர்கள் தலை உப்பிவிடும். நடுவிலிருந்து 37 டிகிரி தள்ளி நிற்பவரின் தலை, உயரத்தைவிட அகலத்தில் கால் பங்கு கூடுதலாக இழுபடும். போனே அதைக் கொஞ்சம் திருத்திக் கொடுக்கலாம், அப்போது அவர் பக்கத்தில் இருக்கும் நேர்கோடுகள் வளையும். போதாததற்கு, அதே 12 மெகாபிக்சலை இரண்டு மடங்கு அகலத்துக்குப் பரப்புவதால் ஒவ்வொரு முகத்துக்கும் கிடைக்கும் பிக்சல் அகலத்தில் பாதியாகிவிடும். போன் திரையில் பார்க்க மட்டும் என்றால் தாராளமாகப் போதும். பெரிதாக அச்சுப் போடுவதென்றால் நான் தைக்கவே செய்வேன்.

அடுத்தது போனிலேயே இருக்கும் பனோரமா. மலைக்கும் கடலுக்கும் அருமையான வசதி. ஆட்களுக்கு நான் இதைத் தொடுவதில்லை. போன் நகர நகர மெல்லிய பட்டைகளாக எடுத்து ஒட்டிக்கொண்டே போகிறது. ஆகவே தையல் ஒன்றிரண்டு இடத்தில் அல்ல, படம் முழுக்க விழுகிறது, அது யார் முகத்தில் விழும் என்பது நம் கையில் இல்லை. இடமிருந்து வலம் போய்ச் சேரும் சில நொடிகள் முழுக்க 38 பேரும் அசையாமல் இருக்க வேண்டும். கெட்டுப்போனால் திருத்துவதற்குத் தனித்தனி ஃப்ரேம்களும் கிடைக்காது, கையில் இருப்பது ஒட்டி முடித்த ஒரே படம். கை நீட்டிப் பிடித்து எடுப்பதால் அந்த 19 செ.மீ பிரச்சினையும் அப்படியே இருக்கிறது.

பக்கவாட்டில் நடந்துகொண்டே எடுப்பது இன்னொரு யோசனை. ஒவ்வொரு குழுவுக்கும் நேரெதிரே போய் நின்று எடுத்தால் எல்லோரும் ஒரே அளவில் இருப்பார்களே என்று தோன்றும். ஒற்றை வரிசை, பின்னால் வெறும் சுவர் என்றால் இது நடக்கும். மூன்று வரிசைக்கு நடக்காது. குழுவுக்குக் குழு 2.4 மீட்டர் நகர்கிறேன் என்றால், அதே சூத்திரப்படி பின்வரிசையில் பிழை 77 செ.மீ. அதாவது, தையலுக்குப் பக்கத்தில் பின்வரிசை ஆள் ஒருவர் முழுதாக இரண்டு முறை வருவார், பின்வரிசையைப் பொருத்தினாலோ முன்வரிசை ஆள் ஒருவர் முழுதாகக் காணாமல் போவார். காணாமல் போவதுதான் மோசம், யாரும் கவனிக்கவே மாட்டார்கள், அவரைத் தவிர.

ஆக மிஞ்சுவது, நின்ற இடத்திலேயே சுழன்று சில ஃப்ரேம்கள் எடுத்துப் பின்னால் தைப்பது. இதில் லென்ஸ் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்கிறது என்பதுதான் எல்லாம். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு புள்ளி உண்டு, அதை அச்சாக வைத்துத் திருப்பினால் பாரலாக்ஸ் வராது. பலர் அதை நோடல் பாயின்ட் என்கிறார்கள். பெயர் தவறு. உண்மையில் அது ஒளி உள்ளே நுழையும் துளை, முன்பக்கத்திலிருந்து லென்ஸுக்குள் எட்டிப் பார்த்தால் அப்பர்ச்சர் எங்கே இருப்பதாகத் தெரிகிறதோ அந்த இடம். பெயரில் என்ன இருக்கிறது, அச்சு அங்கே இருந்தால் சரி.

அதற்கென்றே விற்கும் பனோரமா ஹெட், ரெயில் எல்லாம் இருக்கின்றன. டிரைபாடில் மாட்டி, காமிராவை முன்னும் பின்னும் நகர்த்தி அந்தப் புள்ளியை அச்சுக்கு மேலே கொண்டுவரலாம். அமைக்கும் விதம்: கிட்டத்தில் ஒரு கம்பு, தூரத்தில் ஒரு கதவு விளிம்பு, இரண்டும் ஒரே கோட்டில் தெரியும்படி நிற்கவும். காமிராவை வலப்பக்கம் திருப்பும்போது கிட்டக் கம்பு, கதவு விளிம்பைவிட இடப்பக்கம் நகர்ந்தால் லென்ஸ் அச்சுக்கு முன்னால் இருக்கிறது என்று அர்த்தம், காமிராவைப் பின்னால் தள்ளவும். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் முன்னால் தள்ளவும். எந்தப் பக்கமும் நகராத இடத்தில் ரெயிலில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அந்த லென்ஸுக்கு, ஜூம் என்றால் அந்த ஜூம் அளவுக்கு, மறுபடி தேட வேண்டியதில்லை. இப்படி 3 மில்லிமீட்டருக்குள் அமைத்துவிட்டால் பின்வரிசைப் பிழை அரை மில்லிமீட்டர். முகத்தில் அரை மில்லிமீட்டரை யார் பார்க்கப்போகிறார்கள்?

பெரிய லென்ஸ் போட்ட காமிராவை ரெயில் இல்லாமல் சாதாரண டிரைபாடில் வைத்தால், திருகு காமிராவின் அடியில் இருக்கும், ஒளித்துளை அதற்கு 8 செ.மீ முன்னால் இருக்கலாம். அப்போது பின்வரிசைப் பிழை 1.2 செ.மீ, அச்சுப் போட்ட 90 செ.மீ படத்தில் ஒரு மில்லிமீட்டர். உற்றுப் பார்த்தால் தெரியும், கண்ணிமை மேல் விழுந்தால் நிச்சயம் தெரியும். அதே டிரைபாடில் போனை நிமிர்த்தி வைத்தால் கதை வேறு. போன் மெல்லியது, லென்ஸ் அச்சிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் தள்ளி இருக்கும். பிழை அரை சென்டிமீட்டருக்கும் கீழே. ரெயில் தேவையே இல்லை. படுக்கையாக வைத்தால் லென்ஸ் ஓரத்துக்குப் போய்விடும், பிழையும் கூடும். நிமிர்த்தி வைப்பதற்கு இது ஒரு காரணம், தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் இடம் கிடைப்பது இன்னொன்று.

டிரைபாடும் இல்லையென்றால் ஒரு நூல் போதும். நான் இரண்டாவது முறை செய்தது அதுதான். போனின் லென்ஸுக்கு நேர்கீழே தொங்கும்படி நூலை டேப்பால் ஒட்டினேன். மறுமுனையில் சாவிக்கொத்து. தரையில் ஒரு நாணயத்தை வைத்து, சாவி அதற்கு ஒரு விரல் மேலே தொங்கும் உயரத்தில் போனைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த ஃப்ரேமுக்குத் திரும்பும்போது சாவி நாணயத்தை விட்டு விலகக் கூடாது. இதைச் செய்து பார்த்தால்தான் புரியும்: நாம் போனைத் திருப்புவதில்லை, போனைச் சுற்றி நாம் நடக்கிறோம். முதல்முறை கொஞ்சம் நாட்டியம்போல இருக்கும், நாலு முறை ஒத்திகை பார்த்தால் கால் பழகிவிடும். சாவி ஆடி அடங்க ஒரு நொடி கொடுக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்குள் பிடிக்க முடிந்தால் பின்வரிசைப் பிழை 3 மில்லிமீட்டர், 90 செ.மீ அச்சில் கால் மில்லிமீட்டர்.

சரி, ரெயில் அரை மில்லிமீட்டர், நூல் 3 மில்லிமீட்டர். ரெயில்தானே மேல் என்று கேட்கலாம். நின்றிருப்பவை தூண்கள் என்றால் ஆமாம். நின்றிருப்பவர்கள் மனிதர்கள். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூச்சு விட்டாலே தோள் அதைவிடக் கூடுதலாக அசையும். பாரலாக்ஸை 3 மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுபோய் எந்தப் பயனும் இல்லை, அதற்குப் பின் மிஞ்சுவது முழுக்க அசைவுதான், அதை எந்த ரெயிலும் தடுக்காது. குழுவுக்கு முன்னால் மேசை நாற்காலி, தரை ஓட்டுக் கோடுகள் என்று ஒன்றரை மீட்டரிலிருந்தே சட்டத்துக்குள் பொருள்கள் வந்தால் மட்டும் ரெயிலை எடுப்பேன். கிட்டப் பொருளுக்குப் பிழை தாறுமாறாகக் கூடும், சூத்திரத்தில் முன் தூரம் கீழே இருப்பதைப் பாருங்கள்.

இப்போது அசைவுக்கு வருவோம். எல்லோரையும் அசையாதே என்று சொல்வதால் நடக்காது, குழந்தைகள் இருக்கும் இடத்தில் அது வீண் வேலை. என் வழி வேறு: தையல் விழும் இடத்தில் ஆளே இல்லாமல் செய்துவிடுவது.

7.5 மீட்டர் வரிசையை மூன்றாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவுக்கும் இடையில் அரை மீட்டர் சந்து, மூன்று வரிசையிலும் ஒரே நேர்கோட்டில், நான் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் சந்து வழியாகச் சுவர் தெரியும்படி. போனின் நிமிர்ந்த ஃப்ரேம் 53 டிகிரி அகலம், நான் திரும்புவது 27 டிகிரி. ஆக அடுத்தடுத்த ஃப்ரேம்கள் பாதிக்குப் பாதி ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. சந்து அந்தப் படிவின் நடுவில் விழுகிறது. டிகிரி எல்லாம் அளக்கவில்லை. ஒவ்வொரு குழுவிலும் நடு ஆளைச் சட்டத்தின் நடுவில் வைத்தேன், அவ்வளவுதான். இடது குழுவை எடுக்கும்போது வலது குழு கொட்டாவி விட்டாலும் கவலையில்லை, அவர்கள் அந்த ஃப்ரேமிலிருந்து வரப்போவதில்லை.

சந்து விட்டால் குடும்பம் மூன்று கட்சியாகப் பிரிந்த மாதிரி இருக்காதா என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. சந்தை ஒட்டி நிற்பவர்கள் தலையை லேசாகச் சந்துப் பக்கம் சாய்த்தால் இடைவெளி கண்ணுக்கு உறுத்துவதில்லை. ஆனால் சந்தைத் தாண்டித் தோளில் கை போடக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். குழுவுக்குள் எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள், சந்தைத் தாண்ட வேண்டாம்.

வரிசையையும் நேராக நிறுத்தவில்லை. நேர்வரிசையில் நடு ஆள் 5 மீட்டரில் நின்றால் கடைசி ஆள் 6.25 மீட்டரில் இருப்பார், தைத்த படத்தில் அவர் முகம் நடு ஆளுடையதில் ஐந்தில் நாலு பங்காகச் சுருங்கிவிடும், வரிசை நடுவில் புடைத்த மாதிரி வரும். நாணயத்தை மையமாக வைத்து 5 மீட்டர் கயிறால் தரையில் ஒரு வளைவு வரைந்து, முன்வரிசையை அதன்மேல் நிறுத்தினேன். பின்வரிசைகள் 80 செ.மீ இடைவெளியில் அதே வளைவைத் தொடர்ந்தன. தைக்கும்போது Cylindrical புரொஜெக்ஷன் தேர்ந்தெடுத்தால் அந்த வளைவு நேர்கோடாக விரிந்துவிடுகிறது, எல்லா முகமும் ஒரே அளவு. படத்தைப் பார்த்த யாரும் நாங்கள் வளைந்து நின்றோம் என்று நம்பவில்லை.

எடுக்கும்போது ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டியிருக்க வேண்டும், திரையில் ஆளின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் பூட்டிவிடும். இதை மறந்தால் சந்தில் சுவரின் நிறம் இரண்டு விதமாக வரும். ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து முறை தட்டினேன். குழுக்கள் தனித்தனி என்பதால் ஒவ்வொன்றிலும் எது நன்றாக இருக்கிறதோ அதைத் தனித்தனியாகப் பொறுக்கிக்கொள்ளலாம், இது ஒரே ஷாட்டில்கூடக் கிடைக்காத வசதி.

இனி கணினி. தானாகத் தைக்கும் செயலிகள், நாம் தையலைத் தொட விடுபவை என்று இரண்டு வகை. Lightroom வேகமானது, ஆனால் தைத்து முடித்த ஒரே படத்தைத்தான் தரும், தையல் எங்கே போக வேண்டும் என்று சொல்ல வழியில்லை. Photoshop ஒவ்வொரு ஃப்ரேமையும் தனி லேயராக, மாஸ்க்குடன் விட்டுவைக்கும், மாஸ்க்கைத் தூரிகையால் திருத்தலாம். நான் பயன்படுத்துவது Hugin, இலவசம், கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது வேண்டும்.

தானியங்கிச் செயலிகள் செய்யும் தவறு ஒன்றை Hugin-இல் கண்ணால் பார்க்கலாம். இரண்டு ஃப்ரேமையும் பொருத்துவதற்கு அது பொதுப் புள்ளிகளைத் தேடும். சுவரில் நிறைய வடிவம் இருந்தால் புள்ளிகள் எல்லாம் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது சுவர் கச்சிதமாகப் பொருந்தும், முகங்கள் முறியும்.  சுவர்ப் புள்ளிகளை அழித்துவிட்டு, சந்தின் இருபுறமும் இருக்கும் ஆட்களின் சட்டைப் பொத்தான், காது, காலர் நுனி என்று நானே பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் வைத்தேன். நடுவரிசையில் வைத்தால் முன்னும் பின்னும் பிழை பாதியாகப் பிரியும்.

பிறகு Mask பகுதியில், ஒவ்வொரு ஃப்ரேமிலும் பக்கத்துக் குழுவின்மேல் Exclude region வரைந்துவிட்டால் அந்தக் குழு அதிலிருந்து வராது, தையலுக்குச் சந்தைத் தவிர வேறு வழி இருக்காது. முடிந்ததும் கோப்பைச் சேமித்துவிட்டு, கட்டளை வரியில் இப்படி:

```
nona -m TIFF_m -o pirivu_ kudumbam.pto
enblend -o mudivu.tif pirivu_0000.tif pirivu_0001.tif pirivu_0002.tif
```

முதல் வரி ஒவ்வொரு ஃப்ரேமையும் வளைத்துப் பொருத்தித் தனித்தனிக் கோப்பாகத் தருகிறது. இரண்டாவது வரி அவற்றைத் தைக்கிறது. சுவரின் வெளிச்ச வேறுபாடு போன்ற பெரிய மாற்றங்களை enblend அகலமாகக் கலக்கும், மயிரிழை போன்ற நுண்விவரங்களைத் தையலை ஒட்டிக் குறுகலாகக் கலக்கும். அதனால் ஊடுருவும் முகம் அவ்வளவாக வராது. தனித்தனிக் கோப்புகள் கையில் இருப்பதால், ஏதாவது ஓரிடம் கெட்டிருந்தால் GIMP-இல் லேயர்களாகத் திறந்து அந்த இடத்தை மட்டும் திருத்தலாம்.

எல்லாம் செய்தும் இரண்டாவது முறையும் ஒரு விதிமீறல் நடந்தது. வலது சந்தில் சித்தி கையை நீட்டி, அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தார். நடு ஃப்ரேமில் கை நீண்டிருந்தது, வலது ஃப்ரேமில் கை இறங்கிவிட்டது. சந்தில் தைத்தால் முழங்கையோடு கை முடிந்துவிடும்.

இதற்காகத்தான் கூடுதலாக இரண்டு ஃப்ரேம் எடுத்து வைத்திருந்தேன்: ஒவ்வொரு சந்தையும் சட்டத்தின் நடுவில் வைத்து ஒன்று. வலது சந்து ஃப்ரேமில் சித்தியின் கை, தோள், அந்தப் பெண் எல்லாம் ஒரே நொடியில் பதிந்திருந்தன. அந்த ஃப்ரேமையும் நான்காவதாகச் சேர்த்து, கையையும் இரண்டு ஆட்களையும் சுற்றி Include region வரைந்தேன். தையல் சந்தை விட்டு நகர்ந்து, சித்திக்கு இடப்பக்கம் ஒன்றும் அந்தப் பெண்ணுக்கு வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கத் தையல் இரண்டு புடவைகள் உரசும் மடிப்புக்குள் மறைந்துபோனது. வலப்பக்கம் ஒரு சிறுவனின் சட்டைக் கோடுகள் குறுக்கே இருந்தன, அங்கே 2 மில்லிமீட்டர் பிசகு இருக்கிறது. 38 பேரில் அதைக் கண்டுபிடித்தவர் இதுவரை யாரும் இல்லை, எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது.